நீலம் ஏன் பச்சையாகிறது?

அக்கா மகள் கல்லூரி ஆண்டு விழாவுக்காக முடியின் கீழ்ப்பாதிக்கு நீலம் அடித்துக்கொண்டு வந்தாள். மயில் கழுத்து நிறம். திட்டிய பாட்டிகூட இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வாரம் அதே முடி குளத்துப் பாசி மாதிரி ஆகிவிட்டது. "சித்தி, டூப்ளிகேட் கலரைப் போட்டு ஏமாத்திட்டாங்க" என்று அழாத குறை.

சாயத்தில் கோளாறு இல்லை. நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போக, அடியில் இருந்த மஞ்சள் மேலே தெரிந்தது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை.

நம் கறுப்பு முடியில் இந்த நீலம், ரோஸ் எல்லாம் நேரடியாகத் தெரியாது. முதலில் ப்ளீச் செய்து கறுப்பை எடுக்க வேண்டும். அப்போது முடி செம்பழுப்பாகி, ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கடைசியில் வாழைப்பழத் தோலின் உள்பக்கம் போல வெளுக்கும். வெளிர் நீலத்துக்கு அந்தக் கடைசிக் கட்டம் வேண்டும். அக்கா மகளுக்கு எலுமிச்சை மஞ்சளிலேயே நிறுத்திவிட்டார்கள். ரோஸ் போட்டிருந்தால் பவழ நிறமாகி ஓரளவு தப்பித்திருப்பாள். நீலம் அப்படி மன்னிக்காது.

அதற்காக ஒரே நாளில் இன்னொரு சுற்று ப்ளீச் போடச் சொல்லக் கூடாது. நனைந்த முடி ஒன்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டு, திரும்பச் சுருங்காமல் தொங்கினால் இனி ப்ளீச் தாங்காது. மஞ்சளிலேயே நிற்க வேண்டியிருந்தால், ஊதா கலந்த அடர்நீலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஊதா மஞ்சளை அடக்கும். அடர்த்தி இருப்பதால் வெளுக்கவும் நாளாகும்.

நிரந்தரச் சாயத்தில் சின்னச் சின்ன மூலக்கூறுகள் முடிக்குள் போய், டெவலப்பரோடு வினைபுரிந்து பெரிதாகி, வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். இந்த ஃபேஷன் கலர்களுக்கு டெவலப்பரே கிடையாது. டப்பாவிலேயே நிறம் தயாராக இருக்கிறது. முடியின் மேல்தோலிலும் அதை ஒட்டிய உள்பகுதியிலும் போய் உட்காருகிறது, அவ்வளவுதான். ப்ளீச் பட்ட முடியின் செதில்கள் தூக்கிக்கொண்டிருப்பதால் சாயம் சுலபமாக நுழையும், அதே சுலபத்தில் வெளியேறும். நுனிமுடி பழைய முடி, அதிகம் அடிபட்டது. அதனால் அங்கேதான் முதலில் வெளுக்கும்.

எனவே சாயம் போடும் நாளிலேயே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது. ஷாம்பு மட்டும் போட்டு அலசுங்கள். கண்டிஷனர் வேண்டாம், அது முடியின் மேல் படிந்து சாயத்தை ஒட்டவிடாது. முழுக்கக் காய்ந்த பிறகு, ஒவ்வொரு கற்றையும் ஊறும் அளவுக்குத் தாராளமாகப் பூசுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறவிட்டு, பச்சைத் தண்ணீரில் மட்டும் அலசுங்கள். (அலர்ஜி இருக்கிறதா என்று இரண்டு நாள் முன்பே காதின் பின்புறம் துளி வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.) அடுத்த இரண்டு மூன்று நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம்.

அப்புறம் எல்லாம் தண்ணீர்க் கணக்கு. எத்தனை தரம் தலைக்குக் குளிக்கிறோம், எவ்வளவு சூட்டில் என்பதுதான். சாயம் போகும் துணியை வெந்நீரில் போடுவோமா? வாரம் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை போதும். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கொதிக்கும். விடியற்காலையில் குளிப்பதே மேல். ஷாம்பு சல்ஃபேட் இல்லாததாக இருக்கட்டும். எண்ணெய்க் குளியல்தான் நம் வீடுகளில் சங்கடம். எண்ணெயைப் போக்கச் சீயக்காயோ ஷாம்போ இரண்டு தரம் அழுத்தித் தேய்க்கிறோமே, அந்தத் தேய்ப்பில் ஒரு வாரத்து நீலம் சாக்கடைக்குப் போய்விடும். வண்ணம் இருக்கும்வரை உச்சந்தலைக்கு மட்டும் எண்ணெய் என்று பாட்டியிடம் சமரசம் பேசினோம்.

எவ்வளவு காத்தாலும் போவது போகும். போனதைத் திரும்ப வைப்பதுதான் சரியான வழி. அக்கா மகளுக்கு நான் கலந்து கொடுத்தது இது: வெள்ளைக் கண்டிஷனர் ஒரு டம்ளர், அதில் அதே நீலச் சாயம் இரண்டு மேசைக்கரண்டி, ஊதாச் சாயம் கால் டீஸ்பூன். கலவையின் நிறம் முடியில் வேண்டிய நிறத்தைவிட ஒரு பிடி அடர்த்தியாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் இன்னும் கொஞ்சம் சாயம் சேர்க்கலாம். ஒரு குளியல் விட்டு ஒரு குளியலில், ஷாம்பு அலசிய பின், கையுறை போட்டுக்கொண்டு நீலம் உள்ள பகுதியில் மட்டும் இதைப் பூசிப் பத்து நிமிடம் விட வேண்டும். நுனியில் கூடுதலாக.

பாசிப் பச்சை முதல் தடவையிலேயே பாதி அடங்கியது. இப்போது எட்டாவது வாரம், நீலம் நீலமாகவே இருக்கிறது. தலையணை உறையும், குளியலறை மக்கும், பாட்டியின் வெள்ளைத் துண்டும்கூட நீலமாகத்தான் இருக்கின்றன.