லேபிளில் மூங்கில், துணியில் விஸ்கோஸ்

தங்கையின் குழந்தைக்குச் சென்ற ஆண்டு மூன்று பனியன்கள் வாங்கினோம். ஒன்று பருத்தி. இன்னொன்றின் லேபிளில் லயோசெல் என்றிருந்தது. மூன்றாவதில் பச்சை இலைப் படத்தோடு ‘100 சதவீதம் மூங்கில்’ என்று அச்சிட்டிருந்தார்கள். கையில் எடுத்ததுமே மூங்கில் பனியன்தான் வழுவழுவென்று மனசைப் பறித்தது. குழந்தை துணி என்பதால் தினமும் துவைத்தோம். ஆறு மாதத்தில் அந்த மூங்கில் பனியனின் கழுத்து தொங்கிவிட்டது. அக்குள் தையலை ஒட்டி ஓட்டைகளும் விழுந்தன. மற்ற இரண்டும் நிறம் மங்கினாலும் கிழியவில்லை.

மூன்றின் விளிம்பிலிருந்தும் ஒவ்வொரு நூலை உருவினேன். ஒவ்வொன்றின் நடுப்பகுதியையும் விரலால் தொட்டு நனைத்து, இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்தேன். மூங்கில் நூல் நனைந்த இடத்திலேயே பட்டென்று அறுந்தது. பருத்தி நூலும் லயோசெல் நூலும் தாக்குப்பிடித்தன. துணித் துறையில் வெகுகாலமாகப் பழக்கத்தில் உள்ள சோதனை இது. நனைந்த இடத்தில் சட்டென்று அறும் செல்லுலோஸ் நூல் பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது நம் வீடுகளில் ரேயான் என்று சொல்கிற அதே பழைய இழை.

மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி விஸ்கோஸ்தான். மூங்கிலைச் சணல்போல் ஊறவைத்து, நசுக்கி, நார் எடுத்தும் துணி நெய்யலாம். ஆனால் அது சொரசொரப்பாக இருக்கும், விலையும் அதிகம், கடையில் கிடைப்பதும் அரிது. குழந்தை துணியாகவும் உள்ளாடையாகவும் வருகிற மிருதுவான மூங்கில் துணி ஆலையில் கரைத்துப் பிழிந்து எடுத்தது.

அந்த வேலை இப்படி நடக்கிறது. மூங்கிலையோ மரத்தையோ கூழாக்கி, அட்டைபோல் காய்ந்த தாள்களாக்குவார்கள். அந்தத் தாளைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, பிழிந்து, உதிர்த்து, சில மணி நேரம் பழுக்கவிடுவார்கள். பிறகு கார்பன் டைசல்ஃபைடு என்ற திரவத்தோடு சேர்த்துப் புரட்டினால் அது ஆரஞ்சு நிறத் துகளாகும். மறுபடி நீர்த்த காஸ்டிக் சோடாவில் கரைத்தால் தேன்போன்ற குழம்பு கிடைக்கும். அதைத் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் உள்ள தகட்டின் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் பாய்ச்சும்போது ஒவ்வொரு துளியும் இழையாகக் கெட்டிப்படும். 1892-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறை இது. அடிப்படை இன்னும் மாறவில்லை.

இந்த வழியில் வந்தபின் அந்த இழை மூங்கிலிலிருந்து வந்ததா, யூகலிப்டஸிலிருந்து வந்ததா என்று நுண்ணோக்கியில் பார்த்தாலும் பிரித்தறிவது கடினம். தாவரத்திலிருந்து மிஞ்சுவது செல்லுலோஸ் மட்டுமே. மூங்கிலுக்கு இயற்கையாகக் கிருமியை எதிர்க்கும் குணம் இருப்பதாகச் சொல்வதை அப்படியே ஏற்றாலும், காஸ்டிக் சோடாவிலும் கந்தக அமிலத்திலும் குளித்து வந்த இழையில் அது தங்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009-இலேயே இந்த விளம்பரங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. ‘மூங்கில்’ என்று மட்டும் எழுதக்கூடாது, ‘மூங்கிலிலிருந்து செய்த ரேயான்’ என்று எழுத வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. 2022-இல் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரு பெரும் கடைத்தொடர்களிடமிருந்தும் சேர்த்து 55 லட்சம் டாலர் அபராதம் கேட்டு வழக்குத் தொடுத்து, அந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளவும் வைத்தது. ரேயான் துணியை மூங்கில் என்றும், சுற்றுச்சூழலுக்கு இசைவானது என்றும் விற்றதுதான் குற்றச்சாட்டு.

மோடாலும் லயோசெல்லும் இதே குடும்பம்தான், செய்முறைதான் வேறு. மோடால், விஸ்கோஸின் திருத்திய வடிவம். பெரும்பாலும் பீச் என்ற ஐரோப்பிய மரத்தின் கூழில் செய்கிறார்கள். அதிலும் கார்பன் டைசல்ஃபைடு உண்டு. ஆனால் இழையைக் கெட்டிப்படுத்தும்போது நன்றாக இழுத்து நீட்டி வலுவேற்றுகிறார்கள். லயோசெல்லில் கார்பன் டைசல்ஃபைடே கிடையாது. அமீன் ஆக்சைடு வகையைச் சேர்ந்த ஒரு கரைப்பானைச் சூடாக்கி, அதில் கூழை நேரடியாகக் கரைத்து, தண்ணீரில் பிழிந்து இழையாக்குகிறார்கள். தண்ணீரில் போன கரைப்பானைத் திரும்ப எடுத்து அடுத்த சுற்றுக்குப் பயன்படுத்துகிறார்கள். நல்ல ஆலைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்பக் கிடைத்துவிடுகிறது. டென்செல் என்று கேள்விப்பட்டிருந்தால், அது லென்சிங் என்ற ஆஸ்திரிய நிறுவனத்தின் வணிகப் பெயர். அந்தப் பெயரில் லயோசெல்லும் வரும், மோடாலும் வரும். ஆகவே டென்செல் என்று பார்த்தாலும் பக்கத்தில் எது என்று படிக்க வேண்டும்.

இனி உழைப்புக்கு வருவோம். கயிறு திரிப்பவரைக் கேட்டால், நார் நீளமாக இருந்தால்தான் கயிறு தாங்கும் என்பார். செல்லுலோஸும் கண்ணுக்குத் தெரியாத நீண்ட சங்கிலிகள்தான். செடியில் விளைந்த பருத்தியில் அந்தச் சங்கிலிகள் மிக நீளம். நனைந்தால் பருத்தி இழையின் வலு குறையாமல் சற்றுக் கூடும். வண்ணார்துறையில் கல்லில் அடித்துத் துவைத்த வேட்டி ஆண்டுக்கணக்கில் உழைத்ததற்கு இதுவும் காரணம். விஸ்கோஸ் செய்யும்போது பழுக்கவிடும் கட்டத்தில் சங்கிலிகள் வேண்டுமென்றே குட்டையாக்கப்படுகின்றன. இல்லாவிட்டால் குழம்பு துளை வழியே பாயாது. அதனால் விஸ்கோஸ் காய்ந்திருக்கும்போது பருத்திக்கு ஈடாக இருந்தாலும், நனைந்ததும் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கிறது. தண்ணீரில் ஊறிய துணியை முறுக்கிப் பிழிகிற நொடியில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. எங்கள் வீட்டு மூங்கில் பனியன் தையலோரம் கிழிந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மோடால் காய்ந்த நிலையில் பருத்தியைவிட வலுவானது. நனைந்தால் அதுவும் குறையும், ஆனால் விஸ்கோஸ் அளவுக்குத் தளராது. நான்கில் வலுவானது லயோசெல். நனைந்த பிறகும் பருத்திக்கு நிகராகவோ சற்று மேலாகவோ நிற்கும். அதற்கும் ஒரு குறை உண்டு. ஈரத்தில் உராய்ந்தால் இழையின் மேற்பரப்பு முடிபோல் உரிந்து எழும். அடர் நிறத் துணியில் மடிப்புகளிலும் விளிம்பிலும் வெளிறிய கோடுகளாகத் தெரிவது இதுதான். ஆலையில் நொதி கொண்டு அந்த முடிகளை நீக்கிய துணியில் இது குறைவு. வீட்டில் உள்பக்கம் வெளியே திருப்பி, மெதுவான சுற்றில் துவைத்தால் போதும்.

மிருதுத்தன்மையில் மூன்றும் பருத்தியை முந்துகின்றன. பருத்தி இழை முறுக்கிய நாடாபோல் இருக்கும். செயற்கையாகப் பிழிந்த இழைகளில் அந்த முறுக்கு இல்லை. லயோசெல் இழை உருண்டையாக, வழவழப்பாக இருப்பதால் தோலில் உரசாமல் வழுக்குகிறது. மோடாலின் சிறப்பு, பலமுறை துவைத்தாலும் அந்த மென்மை நிலைப்பது. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் பருத்தித் துண்டு விறைத்துப்போவதை எல்லோரும் பார்த்திருப்போம்.

ஆனால் இந்த மூன்றும் ‘சீக்கிரம் காயும்’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். இவை பருத்தியைவிட அதிக நீரை உறிஞ்சும். வியர்வையை இழுத்துக்கொள்வதால் கோடையில் தோலுக்குக் குளுமை. அதே காரணத்தால் ஐப்பசி மழையில் கொடியில் தொங்கும்போது பருத்தி முதலில் காய்ந்துவிடும்.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லை. மூங்கில் வேகமாக வளர்கிறது, பூச்சிமருந்து அதிகம் கேட்பதில்லை, வெட்டினால் மீண்டும் துளிர்க்கிறது. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் அவை காட்டைப் பற்றிய உண்மைகள். ஆலையைப் பற்றியவை அல்ல. கார்பன் டைசல்ஃபைடை மூடிய அமைப்பில் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஆலையும் இருக்கிறது, காற்றிலும் ஆற்றிலும் விடுகிற ஆலையும் இருக்கிறது. அந்த வாயுவை நீண்டநாள் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நரம்புத் தளர்ச்சி, மனநலப் பாதிப்பு, இதய நோய் வந்தது மருத்துவ வரலாற்றில் 100 ஆண்டுகளுக்கு மேலாகப் பதிவாகியிருக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ள நாம் சீனாவுக்குப் போக வேண்டியதில்லை. கோவை மாவட்டம் சிறுமுகையில் பவானி ஆற்றங்கரையில் ஒரு விஸ்கோஸ் ஆலை இயங்கியது. நீலகிரியின் யூகலிப்டஸ், சீகை மரங்கள் அதற்குக் கூழாயின. அதன் கழிவுநீர் பவானியைக் கெடுத்ததை எதிர்த்து ஆற்றோர மக்கள் போராடினார்கள். ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மரத்திலிருந்து வந்ததாலேயே துணி பசுமையாகிவிடாது என்பதை பவானிக்கரைக்காரர்களிடம் யாரும் விளக்கத் தேவையில்லை.

அதே நேரம், பருத்தியையும் புனிதமாக்கிவிடக் கூடாது. ஒரு கிலோ பருத்திக்கு உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் என்று நீர்த்தடக் கணக்கு சொல்கிறது. அதில் மழைநீரும் அடக்கம் என்பதால், வாய்க்கால் நீரில் விளைந்ததா, வானம் பார்த்த நிலத்தில் விளைந்ததா என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும். மருந்தடிப்பதில் உள்ள ஆபத்தை 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் காட்டியது; பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் நச்சேறி இறந்தார்கள். துணியான பிறகு சாயம் என்ன செய்யும் என்பதற்கு நொய்யல் சாட்சி. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு அவை மாற வேண்டியிருந்ததும் நமக்குத் தெரியும். மூங்கில் துணியும் லயோசெல்லும் சாயம் ஏற்றித்தான் வருகின்றன என்பதை இதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

அதனால் கடையில் இப்படிப் பாருங்கள். லேபிளில் ‘மூங்கில்’ என்று மட்டும் இருந்தால், ‘மூங்கில் விஸ்கோஸா, மூங்கில் லயோசெல்லா?’ என்று கேளுங்கள். இரண்டாவதும் இருக்கிறது, ஆனால் குறைவு. பதில் கிடைக்காவிட்டால் விஸ்கோஸ் என்றே எடுத்துக்கொண்டு, அந்த விலைதான் கொடுங்கள். தினமும் துவைத்துப் பிழிகிற துண்டு, குழந்தை துணி, படுக்கை விரிப்புக்குப் பருத்தி போதும். மென்மையும் வேண்டும், கூடுதலாகச் செலவழிக்கவும் முடியும் என்றால் லயோசெல். தோலோடு ஒட்டியிருக்கும் உள்ளாடைக்கும் இரவு உடைக்கும் மோடால் நன்று. விஸ்கோஸ் வாங்கினால் முறுக்கிப் பிழியாதீர்கள். அழுத்தி நீரை வடித்து, நிழலில் விரித்துக் காயவையுங்கள்.

எந்த இழையானாலும், இரண்டு ஆண்டு உழைக்கிற ஒரு துணி ஆறு மாதத்தில் கிழிகிற நான்கு துணிகளைவிட மண்ணுக்கும் ஆற்றுக்கும் குறைவான பாரம். இலைப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த இலை எந்த ஆலை வழியாக வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.