மூச்சு வாங்க மேலே வரும் வேர்கள்

அலை வடிந்த நேரத்தில் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தின் மரப்பாதையில் என் மகளோடு நின்றிருந்தேன். சேறெங்கும் பென்சில்களை நட்டு வைத்ததுபோல நூற்றுக்கணக்கான குச்சிகள். “அப்பா, இதெல்லாம் குட்டிச் செடிகளா?” என்று கேட்டாள்.

செடிகள் அல்ல, வேர்கள். மலாய்க்காரர்கள் அப்பி-அப்பி என்று அழைக்கும் மரம் தன் வேர்களைச் சேற்றுக்குள் படுக்கையாகப் பரப்பி, அவற்றிலிருந்து இந்தச் சுவாச வேர்களை மேல்நோக்கி அனுப்புகிறது.

வேருக்கும் பிராணவாயு வேண்டும். தோட்ட மண்ணில் துகள்களின் இடுக்கிலே காற்று இருக்கும். சேற்றில் அந்த இடுக்குகளை நீர் அடைத்துக்கொள்கிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் பிராணவாயு ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். வந்து சேரும் கொஞ்சத்தையும் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். சதுப்பில் வீசும் அழுகிய முட்டை நாற்றமே அதற்குச் சாட்சி.

எனவே மரம் காற்றைக் குழாய் வழியே கீழே இறக்குகிறது. வீட்டில் சூப்புக்காக நறுக்கும் தாமரைக் கிழங்கில் துளைகளைப் பார்த்திருப்பீர்கள். இலை வழியே வரும் காற்று சேற்றுக்குள் போகும் பாதை அது. அப்பி-அப்பியின் வேருக்குள்ளும் அப்படி வெற்றிடங்கள் நிறைந்த, பஞ்சு போன்ற காற்றறைத் திசு உண்டு. ஏரன்கைமா என்பார்கள். சுவாச வேரின் பட்டையில் உள்ள நுண்துளைகள்தாம் அதற்கு வாசல். காற்று அவற்றில் நுழையும், நீர் நுழையாது.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். அலை ஏறி வேர்களை மூடியதும் வாசல் அடைபடுகிறது. உள்ளிருக்கும் பிராணவாயுவை வேர் செலவழிக்கிறது. பதிலுக்கு வெளிவிடும் கரியமில வாயு நீரில் எளிதாகக் கரைந்துபோவதால், உள்ளே அழுத்தம் குறைகிறது. அலை வடிந்து துளைகள் வெளியே தெரிந்ததும் காற்று தானாகவே உள்ளே இழுக்கப்படுகிறது. நெஞ்சுக்கூடு இல்லாத மரத்துக்குக் கடலே மூச்சு இழுத்துக் கொடுக்கிறது!

அந்தத் துளைகளை அடைத்தால்? ஷோலண்டர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பாக்காவ் இனத்து மரம் ஒன்றின் முட்டு வேர்களில் இருந்த துளைகளைக் கிரீஸ் பூசி மூடிப் பார்த்தார்கள். சேற்றுக்குள் இருந்த வேரில் 15 முதல் 18 விழுக்காடாக இருந்த பிராணவாயு, இரண்டே நாளில் 2 விழுக்காட்டுக்கு இறங்கியது. 1955இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங் அருகே கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது, பெர்லேயர் ஓடையில் மிதவைத் தடுப்புகள் போட்டதன் காரணம் இதிலிருந்து புரியும். கிரீஸ் செய்த வேலையையே எண்ணெயும் செய்யும். மூச்சு முட்டிய மரம் அன்றே சாய்ந்துவிடாது. பல வாரங்கள் கழித்துத்தான் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கும். அதற்குள் கரையைச் சுத்தம் செய்தவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள்.