பலூன் மேடைக்கு என்ன விலை?
விளம்பரத்தில் 6 ஆயிரம். பில்லில் 12 ஆயிரம்!

குழந்தைக்கு முதல் பிறந்த நாள். மேடை முழுவதும் பலூன். நடுவில் குழந்தையின் பெயர். முன்னால் கேக்.

இப்படி ஒரு படத்தைச் செல்போனில் பார்க்கிறோம். படத்தின் கீழே, "மேடை அலங்காரம் ரூ.6,000 முதல்" என்று இருக்கிறது.

இதில் பெரிய சொல் எது தெரியுமா? ஆறாயிரம் அல்ல. "முதல்" என்பதுதான்!

அந்த ஒரு சொல்லை மதுரையில் உள்ள ஒரு குடும்பம் எப்படிப் புரிந்துகொண்டது என்று பார்ப்போம்.

மளிகைக் கடைக்காரர்

கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மகளுக்கு ஒரு வயது ஆகப்போகிறது. பிறந்த நாள் புதன்கிழமை. உறவினர் வர வசதியாக, அடுத்து வரும் ஞாயிறு மாலை விழா என்று முடிவு செய்தார்கள். சிறிய மண்டபம் ஒன்றைப் பிடித்தார்கள்.

ஆறாயிரம் ரூபாய் படத்தைப் பார்த்ததும் கணவருக்கு மகிழ்ச்சி. உடனே போன் செய்தார்.

"மண்டபத்து மேடை எத்தனை அடி அண்ணே?" என்று கேட்டார், அலங்காரக்காரர்.

"இருபது அடி இருக்கும்."

"படத்தில் இருப்பது பதினாறு அடி வேலை. ஆறாயிரத்துக்கு எட்டடிதான் வரும். இருபது அடி மேடையில் எட்டடியை வைத்தால், நடுவில் ஒரு பெட்டி வைத்த மாதிரி தெரியும்!"

அலங்காரக்காரர் ஏமாற்றவில்லை. உண்மையைச் சொன்னார். ஆனால், கேட்டதால்தான் சொன்னார்!

ஆறாயிரத்துக்கு என்ன கிடைக்கும்?

எட்டடிக்கு ஓர் இரும்புச் சட்டம். அதன்மேல் துணி. சுற்றிலும் 150 பலூன். தெர்மோகோலில் வெட்டிய பெயர். கேக் வைக்க ஒரு மேஜை. இவ்வளவுதான்.

மேடையின் இருபுறமும் நான்கடித் தட்டி வேண்டும் என்றார் கணவர். அதற்கு ரூ.2,500. வாசலில் பலூன் வளைவுக்கு ரூ.2,000. மண்டபம் ஊருக்கு வெளியே இருப்பதால் வண்டிக்கு ரூ.800. இரவு பத்து மணிக்கு மேல் வந்து பிரிக்க ரூ.500.

எல்லாவற்றையும் கூட்டினால் ரூ.11,800!

மனைவி தாளில் எழுதி, இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

"ஏங்க, படத்தில் போட்டதுபோல இரண்டு மடங்கு ஆகிறதே!"

பாட்டி குறுக்கிட்டார். "வாசலுக்கு வளைவு எதுக்கு? நான் பெரிய மாக்கோலம் போடுகிறேன். ரெண்டு வாழைமரம் கட்டினால் போதும்."

"சரி அத்தை" என்றார் மருமகள். வளைவை அடித்தார்கள். ரூ.9,800 ஆயிற்று.

எது நமக்கு? எது அவருக்கு?

விலை பேசும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும். பலூனும் பெயர் எழுத்தும் நமக்கே சொந்தம். சட்டம், துணி, விளக்கு, மேஜை ஆகியவை வாடகைக்கு வருபவை. அவற்றை அவர் திரும்ப எடுத்துச் செல்வார்.

விழா முடிந்ததும் பிள்ளைகள் பலூனைப் பிடுங்குவார்கள். பலூனோடு சேர்ந்து விளக்குக் கம்பியும் வந்துவிடும். உடைந்தால் யார் பணம் கொடுப்பது? இதை முன்பே பேசிவிட்டால் இரவில் சண்டை இல்லை.

எத்தனை நாளுக்கு முன் சொல்வது?

வீட்டுச் சுவரில் சிறிய அலங்காரம் என்றால், மூன்று நான்கு நாளுக்கு முன் சொன்னால் போதும். மண்டபத்து மேடை என்றால் மூன்று வாரமாவது வேண்டும்.

ஏன் இவ்வளவு முன்பே சொல்ல வேண்டும்?

பிறந்த நாள் எந்தக் கிழமையில் வந்தாலும், விழாவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுகிறவர்கள் அதிகம். அந்த ஞாயிறு முகூர்த்த நாளாகவும் இருந்துவிட்டால், அதே ஆட்கள் கல்யாண மேடைக்குப் போய்விடுவார்கள். பொருள் இருக்கும், கட்ட ஆள் இருக்காது. ஆகவே, முதலில் காலண்டரைப் பாருங்கள். பிறகு போன் செய்யுங்கள்.

பெயர் வெட்டவும் நாளாகும். மளிகைக் கடைக்காரர் பெயரைப் போனில் வாயால் சொல்லவில்லை. தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பினார். ஓர் எழுத்து தவறாக வெட்டிவிட்டால், மேடையில் அதைத் திருத்த முடியாது அல்லவா?

முன்பணம் ரூ.3,000 கொடுத்தார். அளவு, பலூன் நிறம், நேரம், மொத்த விலை ஆகிய நான்கையும் எழுதி வாங்கிக்கொண்டார். விழா தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும் என்றும் கேட்டார். "பத்து நாள் முன்பே சொன்னால் வேறு தேதிக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. அதையும் எழுதச் சொன்னார்.

சாவி எப்போது கிடைக்கும்?

இரண்டு பேர் சேர்ந்து இந்த மேடையைக் கட்ட நான்கு மணி நேரம் ஆகும். விழா மாலை ஆறு மணிக்கு. மண்டபத்துக்காரரோ, "நான்கு மணிக்குத்தான் சாவி" என்றார். அப்படியானால் கேக் வெட்டும்போதும் ஏணி மேடையில் நிற்கும்! கணவர் நேரில் போய்ப் பேசி, பகல் ஒரு மணிக்கே சாவி வாங்கினார்.

பலூன் கட்டும்போது அருகில் நின்று பாருங்கள். நன்றாக ஊதிய பலூன் உருண்டையாக இருக்கும். பேரிக்காய்போல கழுத்து நீண்டிருந்தால், காற்று அதிகம் என்று பொருள். கொஞ்சம் சூடு பட்டாலும் அது வெடிக்கும். வெயில் படும் ஜன்னல் பக்கமும், சூடான விளக்கின் பக்கத்திலும் பலூன் கட்டக் கூடாது.

மெழுகுவர்த்தி ஜாக்கிரதை!

மேடைப் பலூனில் இருப்பது பம்பினால் அடித்த வெறும் காற்று. அது மேலே பறக்காது. சட்டத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும்.

"கூரையில் மிதக்கிற பலூனும் போடட்டுமா?" என்று அலங்காரக்காரர் கேட்டார்.

இங்கேதான் கவனம் வேண்டும். மிதக்கும் பலூனில் வாயு இருக்கிறது. ஹீலியம் என்ற வாயு தீப்பிடிக்காது. ஆனால், விலை அதிகம். ஹைட்ரஜன் என்ற வாயுவும் பலூனை மேலே தூக்கும். அது மலிவு. காஸ்டிக் சோடாவையும் அலுமினியத்தையும் தண்ணீரில் போட்டால், அந்த வாயு கிளம்பும். அதில் ஒரு நெருப்புப் பொறி பட்டால் போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும்.

கேக்கின் மேல் மெழுகுவர்த்தி எரிகிறது. சுற்றிலும் குழந்தைகள் நிற்கிறார்கள். தலைக்கு மேல் ஹைட்ரஜன் பலூன் இருந்தால் என்ன ஆகும்?

இரண்டு வாயுவுக்கும் நிறம் இல்லை. மணமும் இல்லை. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"மிதக்கிற பலூனே வேண்டாம். காற்றுப் பலூனை நூலில் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுங்கள்" என்று தாயார் சொல்லிவிட்டார். கீழே இருந்து பார்த்தால் அதுவும் மிதப்பதுபோலத்தான் இருந்தது!

விழா அன்று

மாலை ஐந்து மணிக்கே மேடை தயார். பெயரில் எழுத்துப் பிழை இல்லை. பாட்டியின் கோலம் வாசலை நிறைத்தது.

இரவு பத்தரைக்கு அலங்காரக்காரர் வந்தார். சட்டம், துணி, விளக்கு, மேஜை எல்லாவற்றையும் எண்ணி எடுத்துக்கொண்டார். மீதிப் பணம் ரூ.6,800. எழுதி வைத்த தாளில் இருந்ததும் அதே தொகைதான். ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.