ஆறு லாரிக்கு ஒரே பாலிசியா?

சங்ககிரியில் எனக்குத் தெரிந்த லாரி ஆபீஸ் ஒன்றில், மேசைக்குப் பின்னால் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். உரிமையாளருக்கு ஆறு வண்டிகள். எஃப்.சி. தேதிக்குப் பச்சை மை, பர்மிட்டுக்கு நீலம், இன்ஷூரன்ஸுக்குச் சிவப்பு. மார்ச், மே, ஜூலை என்று ஆறு மாதங்களில் ஆறு சிவப்பு வட்டங்கள். வண்டியை வாங்கிய தேதியே இன்ஷூரன்ஸ் தேதியாக நின்றுவிட்டதால் இப்படி. போன மாதம் அங்கே போயிருந்தபோது, ஏஜென்ட் கொடுத்துவிட்டுப் போன ஒரு தாளை என் கையில் கொடுத்தார்.

“ஆறையும் ஒரே ஃபிளீட் பாலிசியில போட்டுட்டா முப்பது பர்சென்ட் குறையும்னு சொல்றாருங்க. போட்டுறலாங்களா?”

அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளையும் அவருடைய பழைய பாலிசிகளையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று நாங்கள் போட்ட கணக்குதான் இது. ஐந்தாறு லாரி வைத்து ஓட்டுகிற எவருக்கும் இதே கேள்வி ஒரு நாள் வரும்.

முதலில் ‘முப்பது சதவீதம்’ எதில் குறைகிறது என்று பார்க்க வேண்டும். லாரிக்கு ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ என்று நாம் ஒரே பேராகச் சொல்வதற்குள் இரண்டு பாகம் இருக்கிறது. ஒன்று தேர்டு பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு உயிர்ச்சேதமோ காயமோ பொருள் நஷ்டமோ ஏற்பட்டால் கொடுப்பது. மோட்டார் வாகனச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இன்னொன்று சொந்தச் சேதம். நம் வண்டி மோதினாலோ எரிந்தாலோ திருடுபோனாலோ கிடைப்பது.

தேர்டு பார்ட்டி பிரீமியத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி தீர்மானிப்பதில்லை. அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அட்டவணைப்படி, மொத்த எடை 12 டன்னுக்கு மேல் 20 டன் வரை உள்ள சரக்கு லாரிக்கு 35,313 ரூபாய். 20 டன்னுக்கு மேல் 40 டன் வரை 43,950 ரூபாய். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதுதான். தனித்தனியாகக் கட்டினாலும் கட்டாகக் கட்டினாலும் இதுதான். நம்மவரிடம் பெரிய வண்டி நான்கு, ஆறு சக்கர லாரி இரண்டு. வரி சேர்க்காமல் தேர்டு பார்ட்டி மட்டும் 2,46,426 ரூபாய் வந்தது. இதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. தள்ளுபடி என்பதெல்லாம் சொந்தச் சேதப் பாகத்தில்தான். 2007 ஜனவரியிலிருந்து அந்தப் பாகத்துக்கு மட்டும்தான் கம்பெனிகள் தங்கள் விருப்பப்படி விலை சொல்லலாம்.

இப்போது அந்தப் பாகத்துக்கு வருவோம். எண்களைச் சற்று உருண்டையாக்கித் தருகிறேன். இரண்டு புது வண்டிக்கும் தலா 32,000, நடுத்தர வயதுள்ள இரண்டுக்கும் தலா 20,000, பழைய ஆறு சக்கர லாரி இரண்டுக்கும் தலா 8,000. ஆக 1,20,000 ரூபாய். ஏஜென்ட் இதில் முப்பது சதவீதம் கழித்து 84,000 என்று எழுதியிருந்தார். பார்த்ததும் 36,000 மிச்சம் என்றுதான் தோன்றும்.

ஆனால் 1,20,000 ரூபாயை நம்மவர் கட்டப்போவதே இல்லை. காரணம், என்.சி.பி. என்கிற நோ கிளெய்ம் போனஸ். ஓராண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் கழிவு. அப்படியே போனால் 25, 35, 45, கடைசியில் 50. அவருடைய புது வண்டிகள் 20 சதவீதத்தில் இருந்தன, நடு வண்டிகள் 45-இல், பழையவை 50-இல். கழித்துப் பார்த்தால் புதியவற்றுக்கு 51,200, நடுவில் உள்ளவற்றுக்கு 22,000, பழையவற்றுக்கு 8,000. மொத்தம் 81,200. அதாவது தனித்தனியாகக் கட்டுவதே 2,800 ரூபாய் குறைவு! ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. போனஸ் கழிப்பதற்கு முந்தைய தொகையிலிருந்து தள்ளுபடியைக் காட்டியிருந்தார், அவ்வளவுதான். ஃபிளீட் விலையை ஒப்பிடும்போது இடது பக்கத்தில் எழுத வேண்டியது போனஸ் கழித்தபின் நாம் உண்மையில் கட்டும் தொகை. இந்த ஒரு வரியைத் தவறாக எழுதியே பலர் ஏமாறுகிறார்கள்.

விபத்து நடந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் இதைவிட முக்கியமான வேறுபாடு. தனி பாலிசியில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தனிக் கணக்கு. புது லாரி ஒன்று கவிழ்ந்து நான்கு லட்சம் கிளெய்ம் வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லாரியின் போனஸ் பூஜ்யமாகிவிடும். அடுத்த வருடம் 24,000 கட்ட வேண்டிய இடத்தில் 32,000 கட்ட வேண்டியிருக்கும். மற்ற ஐந்தும் தங்கள் படியில் ஏறிக்கொண்டே போகும். நஷ்டம் 8,000 ரூபாயோடு நிற்கும்.

ஃபிளீட்டில் கம்பெனி வண்டியைப் பார்ப்பதைவிட மொத்தக் கட்டைப் பார்க்கும். இந்த ஆறு வண்டிக்கும் சேர்த்து எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம் என்ற விகிதம்தான் அடுத்த வருட விலை. 84,000 வாங்கிக்கொண்டு நான்கு லட்சம் கொடுத்தால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. தள்ளுபடியை எடுத்துவிடுகிறோம் என்று சொன்னால் பழையபடி 1,20,000. தனி பாலிசிகளாக இருந்திருந்தால் அதே விபத்துக்குப் பிறகும் ஆறுக்கும் சேர்த்து 84,000-தான் வந்திருக்கும். ஒரு வண்டி கவிழ்ந்ததற்கு ஆறு வண்டியும் சேர்ந்து 36,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுகின்றன. அது மட்டுமில்லை, தேர்டு பார்ட்டி கிளெய்ம் ஒருவருடைய என்.சி.பி.யைத் தொடாது, ஃபிளீட் விகிதம் பார்க்கும் அதிகாரி அதையும் கணக்கில் எடுக்கக்கூடும்.

அப்படியென்றால் ஃபிளீட் யாருக்கும் வேண்டாமா? அப்படியில்லை. குறுகலான ஊர்களுக்குள் போய் லோடு இறக்குகிற வண்டிகளைப் பாருங்கள். பக்கவாட்டில் இடி, கேபின் கண்ணாடி உடைப்பு என்று வருடம் மூன்று நான்கு சின்னச் சின்ன கிளெய்ம் வரும். ஒரு வருடம் இந்த வண்டி, மறு வருடம் அந்த வண்டி. எந்த வண்டிக்கும் போனஸ் ஏறாது. அவர்கள் தனித்தனியாகக் கட்டினால் முழு 1,20,000-ஐ ஒட்டியே கட்டுவார்கள். மூன்று கிளெய்ம், தலா 15,000 என்றால் 45,000. ஃபிளீட் பிரீமியமான 84,000-த்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். கம்பெனி முகம் சுளிக்காது. சில்லறை அடி அடிக்கடி வாங்குகிற தொழிலுக்கு ஃபிளீட் ஒத்துவரும். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடி, வருடக்கணக்கில் ஒன்றுமில்லாமல், வந்தால் பெரிதாக வருகிற தொழிலுக்குத் தனி பாலிசிதான் காப்பு. என் கருத்து இது. ஆனால் தன் மூன்று வருட கிளெய்ம் தாள்களை எடுத்துவைத்துப் பார்த்தால் எவருக்கும் விளங்கிவிடும்.

இன்னொரு கவலை, பணம் கட்டும் நாள். ஒரே தேதி என்றால் நினைவு வைத்துக்கொள்வது சுலபம். காலண்டரில் ஒரு சிவப்பு வட்டம் போதும். ஒரு வண்டியின் தேதி மறந்துபோய், அது இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஓடி, அந்த நாளில் யார் மேலாவது மோதிவிட்டால், தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்டஈடு முழுக்க உரிமையாளர் தலையில் விழும். வீடு நிலம் விற்றாலும் போதாமல் போகலாம். அந்த வகையில் ஒரே தேதி நல்லதுதான். ஆனால் மூன்றேகால் லட்சத்துக்கு மேல் ஒரே நாளில் புரட்ட வேண்டும். லோடு கொடுத்தவர் பாக்கி வைத்திருக்கிற மாதத்தில் அந்த நாள் வந்தால் செக்கைக் கொடுத்துவிட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். பிரீமியம் வந்து சேராமல் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது என்று 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு சொல்கிறது. தனி பாலிசியில் செக் திரும்பினால் ஒரு வண்டிக்கு ஆபத்து. ஃபிளீட்டில் ஒரு செக் திரும்பினால் ஆறு வண்டியும் நிராதரவாக நிற்கும். விபத்துக்கு முன்பே பாலிசியை ரத்து செய்து உரிமையாளருக்குத் தெரிவிக்காத கம்பெனி, பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் கொடுத்ததை உரிமையாளரிடம் வசூலிக்கும் உரிமையும் கம்பெனிக்கு உண்டு.

தேதிகளை ஒன்றாக்குவதற்காக ஓடிக்கொண்டிருக்கும் பாலிசிகளை நடுவில் ரத்து செய்வதும் வேண்டாத வேலை. பன்னிரண்டு மாதம் முழுசாக ஓடினால்தான் போனஸ் அடுத்த படிக்கு ஏறும். எட்டாவது மாதத்தில் நிறுத்தினால் அந்த எட்டு மாத ஒழுங்கான ஓட்டத்துக்குப் பலன் இல்லை. ஒவ்வொன்றும் முடிய முடிய உள்ளே சேர்க்கச் சொல்ல வேண்டும்.

நம்மவர் விஷயத்தில் கடைசியாக ஒன்று இருந்தது. பழைய ஆறு சக்கர லாரி ஒன்றை விற்றுவிட்டுப் புது பன்னிரண்டு சக்கர வண்டி எடுக்கும் யோசனையில் இருந்தார். என்.சி.பி. வண்டிக்குச் சொந்தமானதில்லை, உரிமையாளருக்குச் சொந்தமானது. விற்கும்போது கம்பெனியிடம் கடிதம் வாங்கிவைத்தால், மூன்று வருடத்துக்குள் எடுக்கும் அதே வகை வண்டிக்கு அந்த 50 சதவீதத்தை மாற்றிக்கொள்ளலாம். பழைய லாரியில் 4,000 ரூபாய் மிச்சப்படுத்திய போனஸ், புதிதில் 16,000 மிச்சப்படுத்தும். ஃபிளீட்டுக்குள் போய் இரண்டு மூன்று வருடம் வண்டிவாரி கணக்கே இல்லாமல் இருந்துவிட்டால் இந்தக் கடிதம் கிடைக்குமா என்று ஏஜென்டை போனில் கேட்டோம். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

பாலிசிகளைப் புரட்டும்போது வேறொன்றும் கண்ணில் பட்டது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு ஆறு பாலிசியிலும் இருந்தது. ஒருவர் பேரில் எத்தனை வண்டி இருந்தாலும் அது ஒன்று போதும். ஐந்து இடத்தில் வீணாகக் கட்டிக்கொண்டிருந்தார். பாலிசி தனித்தனியாக இருந்தாலும் ஒரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம் என்று அவரே சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஏஜென்ட் வந்தார். வண்டிவாரியாக போனஸ் பதிவு இருக்கும், விலகும்போது கடிதம் தருவோம் என்று கம்பெனி எழுத்தில் தர மறுத்துவிட்டதாகச் சொன்னார். நம்மவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மே மாத வட்டத்துக்கு முந்தின வாரம் இன்னொரு சிவப்பு வட்டம் போட்டார். அடுத்து ஜூலைக்கும் அதேபோல் போட ஆரம்பித்தார்.