காதில் விழுந்தது தாளில் ஏறும் வழி

சென்ற வாரம் கான்சர்வேட்டரி நுழைவுத் தேர்வில் வாத்தியம் வாசித்துக் காட்டும் சுற்றைப் பார்த்தோம். இந்த வாரம் காதைச் சோதிக்கும் சுற்று. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முன்பின் பார்த்திராத மெட்டைத் தாளில் பார்த்து அங்கேயே பாடுவது ஒன்று. பியானோவில் வாசிக்கப்படும் மெட்டைக் கேட்டு நொட்டேஷனில் எழுதுவது மற்றொன்று. இரண்டுக்கும் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பயிற்சி, இரண்டு ஸ்வரங்களைக் கேட்டு இடையில் உள்ள தூரத்தைச் சொல்வது: மைனர் தேர்டு, பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் என்று. அந்தப் பயிற்சியில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும் மாணவர்கூட, நான்கு பார் நீளமுள்ள எளிய மெட்டை எழுதச் சொன்னால் தடுமாறிப் போவது உண்டு. இதற்குக் காரணம் காதின் குறையல்ல, பயிற்சியின் குறை. மெட்டைக் கேட்கும்போது நாம் அறிய வேண்டியது முன் ஸ்வரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைவிட, ஆதார ஸ்வரத்தை வைத்துப் பார்த்தால் இந்த ஸ்வரம் எங்கே நிற்கிறது என்பதுதான்.

ஒரு மெட்டை எடுத்துப் பார்ப்போம். ஜி மேஜர், பாருக்கு நான்கு கவுன்ட். ஸ்கேலின் ஏழு இடங்களை நமக்குப் பழகிய ச ரி க ம ப த நி என்றே அழைப்போம்; சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான் இவை. முதல் பாரில் ச, ரி, பிறகு இரண்டு கவுன்ட் நீளும் க. இரண்டாம் பாரில் ஒன்றரை கவுன்ட் நிற்கும் ப, அரை கவுன்ட் ம, பிறகு க, ச. மூன்றாம் பாரில் ரி, ம, அரை அரையாக க ரி, பிறகு கீழே நி. நான்காம் பார் முழுக்க ச. தூரத்தை அளந்து எழுதும் மாணவர், மூன்றாம் பாரில் ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் மைனர் தேர்டை மேஜர் தேர்டு என்று எடுத்துக்கொண்டால் சி ஷார்ப் எழுதுவார். அடுத்த தூரங்களை எல்லாம் சரியாகவே கேட்டாலும், அந்தத் தவறின் மேலேயே கட்டிக்கொண்டு போவதால் சி, பி ஃப்ளாட், ஜி என்று நகர்ந்து மெட்டு ஏ ஃப்ளாட்டில் போய் முடியும். ஒரு சறுக்கல், ஐந்து ஸ்வரங்கள் தவறு. இடத்தைக் கேட்கும் மாணவரும் அதே ம-வைத் தவறவிடலாம். ஆனால் அடுத்து வரும் க-வை அவர் ம-விலிருந்து அளப்பதில்லை, ச-விலிருந்து அறிகிறார். அவருடைய தவறு ஒரு ஸ்வரத்தோடு நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. மேஜர் ஸ்கேலில் க-விலிருந்து ப-வுக்கும் மைனர் தேர்டுதான், நி-யிலிருந்து மேல் ரி-க்கும் மைனர் தேர்டுதான். பியானோவில் எண்ணிப் பார்த்தால் தூரம் ஒன்றே. காதில் விழும் விதம் வேறு: க-வும் ப-வும் ஆதாரத்தோடு சேர்ந்து ஓய்வாக நிற்பவை, நி-யும் ரி-யும் ச-வை நோக்கி இழுப்பவை. தனித்தனி ஜோடிகளாக வைத்துப் பழகும் பயிற்சியில் இந்த இழுப்பே இல்லை. தேர்வில் காதுக்குப் பிடி கொடுப்பதோ அந்த இழுப்புதான்.

அமெரிக்க இசைக் கல்வியாளர் கேரி கார்ப்பின்ஸ்கி 2000-இல் வெளியிட்ட நூலில், கேட்டு எழுதுவதை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: கேட்பது, நினைவில் நிறுத்துவது, புரிந்துகொள்வது, எழுதுவது. மாணவர் எங்கே சிக்குகிறார் என்பதைக் கண்டுபிடிக்க இந்தப் பிரிவு மிகவும் உதவும். மெட்டு ஒலித்து முடிந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அதைத் திரும்பப் பாடச் சொல்லுங்கள். பாட வரவில்லை என்றால் பிரச்சினை பெரும்பாலும் நினைவில். சரியாகப் பாடிவிட்டு எழுத முடியாமல் விழித்தால், இடங்களை அறிவதிலோ நொட்டேஷனிலோ பிரச்சினை. இரண்டுக்கும் மருந்து வேறு. பலர் செய்யும் பிழை, மெட்டு ஒலிக்கத் தொடங்கியதுமே எழுதத் தொடங்குவது. முதல் மூன்று ஸ்வரங்களை எழுதும் நேரத்தில் அடுத்த ஐந்து காதில் ஏறாமலே போய்விடும்.

ஆகவே அன்றாடப் பயிற்சியை முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், முதல் கால் மணி நேரம் இடங்களுக்கு. பியானோவில் மேஜர் கார்டு ஒன்றை ஒருமுறை ஒலிக்கவிட்டு நிறுத்துங்கள். பிறகு துணையில்லாமல் ச-வைப் பாடி, ஒவ்வொரு ஸ்வரமாகத் தாவி, அது இறங்கும் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள்: நி மேல் ச-வுக்கு, ரி ச-வுக்கு, ம க-வுக்கு, த ப-வுக்கு. ஆதாரத்தைத் தினமும் மாற்றுங்கள். அடுத்த கால் மணி நேரம் பார்த்துப் பாட. வாயைத் திறக்குமுன் மெட்டில் ச, க, ப வரும் இடங்களைக் கண்ணால் குறித்துக்கொண்டு, கணக்கை மட்டும் ஒருமுறை கையால் தட்டிப் பார்த்து, பிறகு நிறுத்தாமல் பாட வேண்டும். தவறியதும் திரும்பிப் போய்ச் சரிசெய்யும் பழக்கம் தேர்வில் கவுன்ட்டைக் கெடுக்கும். அடுத்த ச-விலோ ப-விலோ போய்ச் சேர்ந்துகொள்வதே முறை. முடித்ததும் கடைசி ஸ்வரத்தைப் பியானோவில் சரிபாருங்கள். சுருதி இறங்கியிருந்தால் முதலில் நி-யையும் ம-வையும் சந்தேகியுங்கள். கடைசிக் கால் மணி நேரம் எழுத: இரண்டு பார் கேட்டு, மனத்துக்குள் ஒருமுறை பாடி, ஸ்வர எழுத்துகளையும் கவுன்ட் கோடுகளையும் மட்டும் குறித்து, அதன் பிறகே நொட்டேஷன். நேற்றுப் பார்த்துப் பாடிய மெட்டை இன்று வாத்தியமில்லாமல் நினைவிலிருந்து எழுதுவதும் நல்ல பயிற்சி. இரண்டும் ஒரே வேலையின் இரு திசைகள் என்பது அப்போதுதான் கைக்குப் பிடிபடும்.

பாரிஸில் டோ என்றால் எப்போதும் சி-தானே, ஆதாரம் மாறினால் டோவும் மாறும் முறை அங்கே எப்படி உதவும் என்று கேட்கலாம். பெயர் எதுவானாலும் காது வேலை செய்வது உறவை வைத்துத்தான். இடத்தை அறிந்த பிறகு அதற்குரிய பெயரைச் சொல்வது இரண்டாம் படி, அதையும் பழகிக்கொள்ளலாம். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஆதாரமே இல்லாத இருபதாம் நூற்றாண்டு இசையில் என்ன செய்வது? அங்கே தூரத்தை அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்வீடனின் லார்ஸ் எட்லுண்ட் எழுதிய ‘மோடஸ் நோவஸ்’ அதற்கென்றே அமைந்த பயிற்சி நூல். உங்கள் தேர்வு அந்த வகை மெட்டுகளைக் கேட்குமானால் அதையும் பழகத்தான் வேண்டும், ஆனால் இடங்கள் காதில் உறுதியான பிறகு.

கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகளுக்கு இதில் பாதி வேலை முடிந்திருக்கிறது. ச-வை வைத்து ஸ்வரத்தை அறிவது அவர்களுக்கு ஊறிய பழக்கம். ஆனால் கமகத்தோடு பழகிய ம-வும் நி-யும் இங்கே அசையாமல் நேராக நிற்க வேண்டும். தம்புராவும் இராது. தினமும் பத்து நிமிடமாவது தம்புராவை அணைத்துவிட்டுப் பாடிப் பழகுங்கள்.

தேர்வில் மெட்டை எத்தனை முறை வாசிப்பார்கள், எந்தெந்த ஸ்கேல் வரும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். விண்ணப்பிக்கும் பள்ளியின் பாடத்திட்டத்தை வாங்கிப் படித்துவிட்டு, அதே எண்ணிக்கையில் வாசிக்கச் சொல்லி இந்த வாரமே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.