ரவிக்கை நிறம் மட்டும் மாறணும், முகம் மாறக்கூடாது!



2025 செப்டம்பரில் சேலை கட்டின மாதிரி படம் போடுவது எல்லா போனிலும் பரவியது ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தின மாதம் கூகுள் வெளியிட்ட, ‘நானோ பனானா’ என்று சொல்லப்படும் ஜெமினி படக் கருவியில்தான் பலர் அதைச் செய்தார்கள். தையல் செய்யும் நம்ம உறுப்பினர்களுக்கும் இது உதவும். துணி வெட்டும் முன்பே ரவிக்கை எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளருக்குக் காட்டலாம்.

ஆவடியில் தையல் செய்யும் சகோதரி ஒருவர், வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்டு அவர் படத்தைப் போட்டு, “ஜாக்கெட்டை அழகா மாத்து” என்று எழுதினார். சேலைக்கு மேல் ஒரு கோட்டு வந்தது! முகம் வெளுத்துப் போச்சு, சுவர் இருந்த இடத்தில் மண்டபம் வந்தது.

ஏன் இப்படி? இந்தக் கருவி அந்த இடத்தில் மட்டும் சாயம் பூசுவதில்லை. முழுப் படத்தையும் புதிதாக வரைகிறது. நாம் சொல்லாமல் விட்டதை அது தன் இஷ்டத்துக்கு வரைந்துவிடும். ‘ஜாக்கெட்’ என்றால் நமக்கு ரவிக்கை, அதற்குக் கோட்டு. ‘அழகா’ என்ற சொல்லுக்கு எல்லையே இல்லை, அதனால் முகத்திலும் கை வைத்துவிட்டது.

பிறகு எது, இப்போது எப்படி, இனி எப்படி, எது மாறக்கூடாது என்று நான்கையும் சேர்த்து இப்படி எழுதினோம்:

“படத்தில் உள்ள பெண்ணின் சிவப்பு சேலை ரவிக்கையை மட்டும் கடுகு மஞ்சள் நிறமாக மாற்றவும். கை நீளம், கழுத்து வடிவம் அப்படியே இருக்கட்டும். முகம், தோல் நிறம், முடி, பச்சைச் சேலை, ஜரிகைக் கரை, நகை, பின்சுவர் எதையும் மாற்ற வேண்டாம்.”

இந்த முறை ரவிக்கை மட்டும் மாறியது. முடிக்கும் இதே மாதிரிதான். ‘வேறே ஹேர் ஸ்டைல்’ என்று எழுதாமல், “முன்னால் தொங்கும் ஜடைக்குப் பதில், கழுத்துக்கு மேல் தாழ்வான கொண்டை, நடு வகிடு, முடி நிறம் அதே கருப்பு” என்று எழுதுங்கள். ஆனால் ஜடை மறைத்திருந்த கழுத்தும் சங்கிலியும் கருவியின் கற்பனைதான், அதை நம்பவேண்டாம்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் போதும். மாற்றின படத்தையே திரும்பத் திரும்ப மாற்றினால் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகும். தப்பாக வந்தால் முதல் படத்திலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.

படம் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மச்சம், வளையல் எண்ணிக்கை, விரல்கள், கரையின் ஜரிகை, இவை ஒத்துப்போனால் சரி.

கடைசியாக ஒன்று. திரையில் தெரியும் கடுகு மஞ்சளும் கடைத் துணியின் மஞ்சளும் ஒன்றாக இருக்காது. படத்தைக் காட்டி மாடலைப் பேசுங்கள், நிறத்தைத் துணித் துண்டைக் காட்டியே முடிவு செய்யுங்கள். அப்போதுதான் தைத்த பிறகு, “படத்தில் வேறே மாதிரி இருந்ததே” என்று யாரும் காசைக் குறைக்க மாட்டார்கள்.