ஆறாம் வடிவத்திற்கு எழுதும் நன்றி

ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்திற்கு அமராமல், பணிதோறும் தனித்தனியே ஒப்பந்தம் பேசி உழைப்பவரை ஃப்ரீலான்ஸ் வடிவமைப்பாளர் என்று தொழில் வட்டாரத்தில் அழைக்கிறார்கள். பேச்சில் லோகோ எனப்படும் இலச்சினையைச் சிறு வணிகர்களுக்கு வரைந்து தருவோரில் இவர்கள் பலர். பல சுற்றுத் திருத்தங்களுக்குப் பின் இறுதிக் கோப்புகள் சொன்ன நாளில் வந்து சேரும்போது, வாடிக்கையாளரிடமிருந்து போகும் பதில் பெரும்பாலும் ‘சூப்பர், ரொம்ப நன்றி’ என்ற இரண்டு மூன்று சொற்களும் கைகூப்பும் படமுமாக நின்றுவிடுகிறது. அதில் அன்பு உண்டு. ஆனால் எந்த வடிவம் ஏற்கப்பட்டது, இன்னும் திருத்தம் வருமா, மீதித் தொகை எப்போது வரும் என்று காத்திருக்கும் வடிவமைப்பாளருக்கு அந்தப் பதிலில் எந்த விடையும் இல்லை. ஆகவே இத்தகைய பணிக்கு எழுதும் நன்றிச் செய்தி, எதற்காக நன்றி என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பதோடு, பணி முடிந்தது என்பதையும் ஐயமின்றிச் சொல்ல வேண்டும்.

வடிவமைப்பாளர் அனுப்பிய ஒரு வடிவத்தை வாடிக்கையாளர் பார்த்து, மாற்ற வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்ல, அவற்றைச் செய்து அடுத்த வடிவத்தை அவர் அனுப்புவது ஒரு திருத்தச் சுற்று ஆகும். ஒப்பந்தங்களில் இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் கட்டணத்திற்குள் அடங்கும் என்றும், அதற்கு மேற்பட்டவை தனிக் கட்டணத்திற்கு உரியவை என்றும் எழுதிக்கொள்வது வழக்கம். சுற்றுகள் பெருகுவதற்கு வரைபடத்தின் குறையும் காரணமாகலாம், வாடிக்கையாளரின் மனமாற்றமும் காரணமாகலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எழுதப்படும் நன்றி, திருத்தங்கள் எல்லாமே வடிவமைப்பாளரின் தவறால் நேர்ந்தவை போன்ற தோற்றத்தைத் தந்துவிடும்.

காங்கேயம் பகுதியில் செக்கில் ஆட்டிய எண்ணெயைப் புட்டியிலும் பவுச் எனப்படும் நெகிழிப் பையிலும் அடைத்து விற்கத் தொடங்கும் ஒரு குடும்ப வணிகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கடையின் பெயர் தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும், அதன் மேல் மரச்செக்கின் உருவம் அமைய வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. ஒப்பந்தத்தில் மூன்று திருத்தச் சுற்றுகள் உண்டு. முதல் வடிவத்தில் செக்கின் மரக்கோடுகள் நுணுக்கமாக வரையப்பட்டிருந்தன. கணினித் திரையில் அழகாகத் தெரிந்த அந்தக் கோடுகள், மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள புட்டி மூடியின் அளவுக்குச் சுருக்கி அச்செடுத்தபோது ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கறையாகத் தெரிந்தன. எனவே இரண்டாம் வடிவத்தில் உரல், உலக்கை, நுகத்தடி ஆகிய மூன்று பகுதிகளின் புறக்கோடு மட்டும் வைக்கப்பட்டது. பின்னர் குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் செக்கை இழுக்கும் காளையும் வேண்டும் என்று விரும்பியதால் மூன்றாம் வடிவத்தில் காளை சேர்ந்தது. காளை வந்ததும் கடையின் பெயர் சிறுத்துப்போனதைக் கண்டு அவர்களே அதை நீக்கச் சொன்னதால் நான்காம் வடிவம் பிறந்தது.

ஐந்தாம் வடிவத்திற்கான காரணம் தமிழ் எழுத்துக்கே உரியது. மெய்யெழுத்தின் தலைமேல் வைக்கும் புள்ளி, பெரிய அளவில் தனியே தெரிந்தாலும், சிறிய அளவில் மை சற்றே பரவியதும் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ‘ண’ போன்ற எழுத்துகளின் சுழிகளும் அவ்வாறே அடைத்துக்கொள்கின்றன. புள்ளி மறைந்தால் ‘க்’ என்பது ‘க’ என்று படிக்கப்படும், கடையின் பெயரே மாறிவிடும். வடிவமைப்பாளர் கேட்கப்படாமலேயே இதைக் கண்டு, புள்ளியை எழுத்திலிருந்து சற்று உயர்த்தி, சுழிகளின் உள்வெளியை அகலமாக்கினார். ஆறாம் வடிவம் நிறத்தைப் பற்றியது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளைக் கலந்து நிறம் காட்டுவதால், திரையில் பளிச்சென்று தெரியும் சில பச்சைகளை அந்தக் கலவையால் எட்ட முடியாது. இலச்சினையில் இருந்த அத்தகைய பச்சையை ஸ்பாட் கலர் எனப்படும், முன்கூட்டியே தனியாகக் கலந்து வைக்கும் மையாக மாற்றிக் கொடுத்தது கடைசித் திருத்தம்.

ஐந்து திருத்தங்கள் நடந்தும் நாள் தவறாமல் கோப்புகள் வந்தன என்பதன் மதிப்பு, அடுத்து நிற்கும் வேலையை அறிந்தால்தான் விளங்கும். பவுச்சுகள் கிராவூர் என்னும் முறையில் அச்சாகும்போது ஒவ்வொரு நிறத்திற்கும் ஓர் உலோக உருளை தேவைப்படுகிறது. படம் அந்த உருளையின் மேற்பரப்பில் நுண்ணிய குழிகளாகச் செதுக்கப்படுகிறது. செதுக்கிய பின் ஒரு புள்ளியை நகர்த்த விரும்பினாலும் அந்த நிறத்துக்கான உருளையை மறுபடி செதுக்கச் செலவிட வேண்டும். அச்சகத்தில் வரிசைப்படி ஒதுக்கிய நாளைத் தவறவிட்டாலோ, அடுத்த முறை வரும்வரை எண்ணெய் இருந்தும் அடைக்கப் பை இருக்காது.

இலச்சினை வரலாற்றில் நாள் நெருக்கடிக்கும் நன்றிக்கும் சேர்ந்தே பேசப்படும் நிகழ்வு ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வரைகலை பயின்ற கரோலின் டேவிட்சன், முன்பு அங்கே கணக்கியல் கற்பித்தவரும் காலணி வணிகம் நடத்திவந்தவருமான ஃபில் நைட்டுக்காக நைக்கி நிறுவனத்தின் வளைகோட்டுக் குறியை வரைந்தார். உற்பத்திக்குக் குறி உடனே தேவைப்பட்டதால், தமக்கு முழு நிறைவு தராதபோதும் அவர் காட்டியவற்றில் ஒன்றை நைட் ஏற்றுக்கொண்டார். டேவிட்சன் பெற்ற கூலி 35 டாலர். 1983இல் நிறுவனம் அவரை அழைத்து, அதே குறி பொறித்த வைர மோதிரத்தையும் நிறுவனப் பங்குகளையும் வழங்கியது. அந்தச் செயல் பெருமைக்குரியதே. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பங்கு வழங்கும் வசதி சிறு வணிகர் எவருக்கும் இருக்கப்போவதில்லை. அவர் கையில் உள்ளவை உரிய நாளில் தரும் பணமும், வரைந்தவரின் பெயரைச் சொல்லும் துணிவும், தெளிவாக எழுதிய சில வரிகளும் மட்டுமே. அவற்றை அவர் தாமதிக்கக் கூடாது.

செய்தியை எழுதுவதற்கு முன் கோப்புகளைச் சோதித்துவிடுவது நல்லது. கோப்புகள் வந்த அன்றே ‘கிடைத்தது, பார்த்துவிட்டு எழுதுகிறோம்’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, வெக்டர் கோப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். படத்தைக் கட்டங்களாக அல்லாமல் கோடுகளின் கணக்காகச் சேமிக்கும் கோப்பே வெக்டர்; எஸ்.வி.ஜி., இ.பி.எஸ். போன்ற வகைகளில் வரும் அதைக் கடைப் பலகையளவு பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாது. அடுத்து, எழுத்துகள் புறக்கோடாக மாற்றப்பட்டுள்ளனவா என்று அச்சகத்தில் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அவ்வாறு மாற்றாத கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எழுத்தின் தோற்றமே மாறிப்போகும். தமிழை முறையாகக் கையாளாத அமைப்பாக இருந்தால் ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ரப்பர் முத்திரைக்கும் ரசீதுக்கும் பயன்படும் ஒற்றைக் கறுப்பு வடிவமும் உடன் வந்திருக்க வேண்டும். இவற்றில் ஏதேனும் விடுபட்டிருந்தால் அதைத் தனியே கேட்டுப் பெற்ற பிறகே நன்றியை எழுத வேண்டும். நன்றியின் நடுவே ‘ஒரு சின்ன மாற்றம் மட்டும்’ என்று செருகுவது அதுவரை சொன்ன நல்ல சொற்களையும் வெறும் முன்னுரையாக்கிவிடும்.

மேற்கண்ட எண்ணெய் வணிகர் எழுதத் தக்க செய்தி ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

“வணக்கம். நீங்கள் அனுப்பிய ஆறாம் வடிவக் கோப்புகள் அனைத்தையும் திறந்து பார்த்தோம். அச்சகத்திலும் பிழையின்றித் திறந்தன. உருளை செதுக்கக் கொடுக்க வேண்டிய நாளுக்குள் அவை வந்துவிட்டதால் விற்பனை தொடங்கும் நாளை நாங்கள் தள்ளிவைக்க நேரவில்லை. இரண்டாம் வடிவத்தில் செக்கின் கோடுகளைக் குறைத்ததால்தான் மூடியிலும் அது செக்காகவே தெரிகிறது. புள்ளி எழுத்தோடு ஒட்டுவதை நாங்கள் கவனிக்கவே இல்லை. நீங்களே கண்டு சரிசெய்தீர்கள். காளையைச் சேர்க்கச் சொல்லிப் பிறகு எடுக்கச் சொன்னது எங்கள் மனமாற்றம். அந்த இரண்டு சுற்றுகளுக்கான கூடுதல் தொகையையும் சேர்த்து மீதி முழுவதையும் இன்று காலை உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தியுள்ளோம். ஆறாம் வடிவமே இறுதி. இனித் திருத்தம் இல்லை. உங்கள் பணிகளின் தொகுப்பில் இந்த இலச்சினையைக் காட்டவும், இந்தச் செய்தியைப் பிறரிடம் பகிரவும் எங்களுக்கு முழுச் சம்மதம். பதிப்புரிமை மாற்ற ஆவணத்தை உங்கள் கையெழுத்துக்காகத் தனியே அனுப்பியுள்ளோம். மிக்க நன்றி.”

இச்செய்தியில் புகழ்மொழி ஏதும் இல்லை; ஆயினும் புள்ளியைப் பற்றிய அந்த ஒரு வரி, உழைப்பை ஒருவர் உற்றுப் பார்த்திருக்கிறார் என்பதை வடிவமைப்பாளருக்கு உணர்த்திவிடுகிறது. காளையைப் பற்றிய வரி பொறுப்பை உரிய இடத்தில் வைக்கிறது. தொகை முன்பே சென்றுவிட்டதால் அந்த ஒப்புதல் வெறும் சொல்லாக நிற்பதில்லை. அடுத்த வாடிக்கையாளரிடம் இச்செய்தியைக் காட்ட நேர்ந்தால், நாள் தவறாதவர், கேட்காத குறையையும் காண்பவர் என்பதற்கு அது சான்றாகவும் அமையும்.

கடைசியாகச் சொல்லப்பட்ட ஆவணத்தை மட்டும் நன்றிச் செய்தியோடு கலந்துவிடக் கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, ஊழியராக அல்லாமல் தனியாக ஒப்பந்தம் செய்து வரைந்தவரே பொதுவாகப் படைப்பின் முதல் உரிமையாளர். கட்டணம் செலுத்தியதாலோ, நன்றி சொன்னதாலோ உரிமை வாடிக்கையாளரிடம் வந்துவிடுவதில்லை. உரிமை மாற்றம் எழுத்தில் அமைந்து, உரிமையை வழங்குபவரின் கையெழுத்தைப் பெற்றிருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. அந்த ஆவணத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் உரிமை ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் அதே பிரிவு கொள்கிறது. எனவே எந்த இலச்சினை, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்தெந்த நாடுகள் என்பவற்றை ஆவணத்தில் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். தேர்ந்தெடுக்கப்படாத முந்தைய வரைவுகள் அந்த ஆவணத்தில் சேர்க்கப்படாத வரை வரைந்தவருக்கே உரியவை.